31 நாளா, 33 நாளா? கூலிப் பாக்கி கேட்கும் கொத்தனாருக்கு எந்தக் கணக்கு கைகொடுக்கும்

கூலிப் பாக்கி கேட்டு ஒப்பந்ததாரருக்கு எழுதும் கடிதம் பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் வரும். ஒன்று மொத்தக் கணக்கு: இத்தனை நாள் வேலை, நாளுக்கு இவ்வளவு, வாங்கியது போக இவ்வளவு பாக்கி என்று நாலு வரியில் முடிந்துவிடும். மற்றது நாள்கணக்கு: தேதிக்கு ஒரு வரி, வாரக் கடைசியில் ஒரு கூட்டல், அதற்குப் பக்கத்திலேயே அந்த வாரம் கைக்கு வந்த பணம். நான் நாள்கணக்கின் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மொத்தக் கணக்குக்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஐந்து நிமிடத்தில் எழுதிவிடலாம், வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடலாம். நாலைந்து நாள் வேலை, இடையில் பணம் எதுவும் கைமாறவில்லை, எதிராளியும் நாள் எண்ணிக்கையை மறுக்கவில்லை என்றால் அதற்கு மேல் எழுதுவது வீண். ஆனால் வேலை இரண்டு வாரத்தைத் தாண்டி, சனிக்கிழமைதோறும் ‘இப்போதைக்கு இதை வச்சுக்கோ’ என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் வந்திருந்தால் நிலைமையே வேறு.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தினக்கூலி 1,000, அரைநாளுக்கு 500, ஞாயிறு விடுமுறை. வேலை 2025 ஜூன் 2 திங்கள் தொடங்கி ஜூலை 9 புதன் வரை. மொத்தக் கணக்கு போடுகிறவர் காலண்டரைப் பார்த்து 38 நாள் என்று எண்ணுவார். ஐந்து ஞாயிறு போனால் 33. ஆக 33,000, வாங்கியது 16,000, பாக்கி 17,000. கணக்கு சரியாகத்தான் தெரிகிறது.

இதே காலத்தை நோட்டைப் பார்த்து வாரமாகப் பிரித்தால் இப்படி வரும்:

| வாரம் | நாள் | கூலி | பெற்றது | சேர்ந்த பாக்கி |
|---|---|---|---|---|
| ஜூன் 2–7 | 6 | 6,000 | 6,000 | 0 |
| ஜூன் 9–14 | 5½ | 5,500 | 4,000 | 1,500 |
| ஜூன் 16–21 | 6 | 6,000 | 3,000 | 4,500 |
| ஜூன் 23–28 | 4½ | 4,500 | 2,000 | 7,000 |
| ஜூன் 30–ஜூலை 5 | 6 | 6,000 | 0 | 13,000 |
| ஜூலை 7–9 | 3 | 3,000 | 1,000 | 15,000 |
| மொத்தம் | 31 | 31,000 | 16,000 | 15,000 |

ஜூன் 12 மத்தியானம் மழையில் பூச்சு நின்றுபோனது, அது அரைநாள். ஜூன் 25 முழு விடுப்பு, 26 அரைநாள். மூன்றும் சேர்ந்த இந்த இரண்டு நாள்தான் 33-க்கும் 31-க்கும் உள்ள வித்தியாசம். கேட்பவர் பொய் சொல்லவில்லை, மறந்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் ஒப்பந்ததாரர் தன் வருகைப் பதிவேடான மஸ்டரைத் திறந்து, ‘25-ஆம் தேதி நீ சைட்டுக்கே வரலையே’ என்று ஒரே ஒரு தேதியைக் காட்டினால் போதும். மொத்தக் கணக்கில் எந்த நாள் எங்கே இருக்கிறது என்றே தெரியாததால், ஒரு நாள் தப்பென்றால் 33-உம் சந்தேகத்துக்குள் போய்விடும். நாள்கணக்கில் ஒரு வரி தகராறானால் அந்த வரி மட்டும்தான் தகராறு. மீதி முப்பது நாள் இருந்த இடத்தில் இருக்கும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதற்காகவே நாள்கணக்கு எழுதலாம். கூலிப் பாக்கிச் சண்டையில் நாள் எண்ணிக்கையை விட ரேட்டுதான் சீக்கிரம் மாறும். பேச்சு வாய்ப்பேச்சாகத்தான் நடந்திருக்கும். பாக்கி கேட்டதும் ‘900 தானே பேசினோம்’ என்று வரும். 31 நாளுக்கு நூறு குறைந்தால் 3,100 போய்விடும். அதற்கு எதிராகக் கையில் என்ன ஆதாரம் என்று பார்த்தால், பெரும்பாலும் முழுதாகப் பட்டுவாடா ஆன ஒரு வாரம் இருக்கும். மேலே முதல் வரியைப் பாருங்கள். ஆறு நாள் வேலை, சனிக்கிழமை 6,000 கொடுத்திருக்கிறார், பாக்கி சுழியம். ஆறால் வகுத்தால் 1,000. ரேட்டு 900 என்றால் 5,400 அல்லவா கொடுத்திருக்க வேண்டும்? அந்தப் பணம் வங்கி வழியாகவோ ஃபோன் வழியாகவோ வந்திருந்தால் தேதியோடு பதிவும் இருக்கும். ரேட்டை ஒப்பந்ததாரரே ஒத்துக்கொண்டதற்கு இதைவிட நல்ல அடையாளம் வாய்மொழி வேலையில் கிடைப்பது அரிது. மொத்தக் கணக்கில் அந்த 6,000, 16,000-க்குள் கரைந்துபோய்விடுகிறது. பலமான ஆதாரத்தை நாமே கூட்டலுக்குள் போட்டு மறைத்துவிடுகிறோம்.

அதனால் தீர்ந்துபோன வாரத்தை ‘அதுதான் முடிஞ்சுபோச்சே’ என்று கணக்கிலிருந்து விட்டுவிடக் கூடாது. பாக்கி இல்லாத வாரமும் முதல் வரியாக நிற்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அந்த 6,000-இல் வேறு பணம் கலந்திருந்தால் இந்த வகுத்தல் நம்மையே கவிழ்க்கும். கட்டுக்கம்பி வாங்கவோ ஆணி வாங்கவோ கொடுத்த காசும், வண்டிச் செலவும் கூலியோடு சேர்ந்து ஒரே தொகையாக வந்திருக்கலாம். எனவே பெற்ற பணத்தை எழுதும்போதே இரண்டாகப் பிரிக்க வேண்டும்: கூலிக்கு வந்தது, சாமானுக்கு வந்தது. சாமான் பணம் கூலிக் கணக்கில் ஏறவே கூடாது, அதற்குத் தனித்தாள் போடுங்கள். பிரிக்காவிட்டால் பின்னால் ஒப்பந்ததாரர் கணக்கில் அதுவும் ‘கொடுத்த பணம்’ ஆகிவிடும், பாக்கி அந்த அளவுக்குச் சுருங்கும்.

அதேபோல் ஓ.டி. ஜூன் 20 அன்று தளம் கான்கிரீட், இரவு வரை வேலை. அதற்கு இன்னும் அரைநாள் கூலி பேசப்பட்டது என்றால், அந்த நாளை ஒன்றரை நாளாக எழுதாமல் 500 என்று தனி வரியாகக் கீழே போடுவதே நல்லது. ஓ.டி. பேச்சுதான் அதிகம் மறுக்கப்படும். அதை 31-க்குள் கலந்தால் நாளும் தகராறில் மாட்டும். தனியாக நின்றால், 500 போனாலும் 15,000 அசையாது.

சித்தாள் கூலியும் இந்த வகைதான். கொத்தனாரே சித்தாளுக்குக் கூலி கொடுத்துவிட்டு ஒப்பந்ததாரரிடம் வாங்குவதாக ஏற்பாடு என்றால், அதற்குத் தனி நாள்கணக்கு, தனி ரேட்டு வேண்டும். சித்தாள் நேரே ஒப்பந்ததாரரிடம் வாங்குகிறவர் என்றால் அவருடைய கடிதத்தை அவரே கொடுக்கட்டும். இரண்டையும் ஒரே தொகையாக்கிக் கேட்டால் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியிலேயே காலம் ஓடிவிடும்.

நாள்கணக்கின் குறை வெளிப்படை: நோட்டு வேண்டும். அதுவும் அன்றன்றைக்கு எழுதியதாக இருக்க வேண்டும். ஒரே உட்காரலில் ஒரே பேனாவில் ஆறு வாரத்தையும் எழுதிய நோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு வரியில் தேதி, முழுநாளா அரைநாளா, எங்கே என்ன வேலை, இவ்வளவு போதும். ‘வேலை’ என்று மட்டும் எழுதுவதைவிட ‘வடக்குச் சுவர், ஜன்னல் மட்டம் வரை கட்டு’ என்று எழுதினால் அந்த வரிக்குச் சுவரே சாட்சி. தப்பாக எழுதியதை அழிக்காமல் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் திருத்துங்கள்.

நோட்டே இல்லாதவர் என்ன செய்வது? மொத்தக் கணக்குக்காரர்கள் பலம் பெறும் இடம் இதுதான். அப்போதும் நாள்கணக்கைத் திரும்பக் கட்டப் பார்க்கலாம். தளம் போட்ட நாள், சிமெண்ட் லோடு இறங்கிய நாள், சாரம் பிரித்த நாள் என்று எல்லோருக்கும் நினைவிருக்கும் தேதிகளை முதலில் நட்டு, ஃபோனில் உள்ள படங்களின் தேதியையும் பணம் வந்த குறுஞ்செய்திகளையும் வைத்து இடைவெளியை நிரப்ப வேண்டும். நிச்சயமில்லாத நாளுக்கு எதிரே ‘நினைவிலிருந்து’ என்று எழுதிவிடுங்கள். அதனால் கணக்கு பலவீனமாகாது, மற்ற வரிகளுக்குத்தான் நம்பகம் கூடும். பாதி நாள்களுக்கு மேல் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது என்றால் வாரக் கணக்கோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. வருகையை இயந்திரமே பதிவுசெய்யும் பெரிய சைட்டுகளில் சொந்த நோட்டுக்கு இவ்வளவு எடை கிடைக்குமா என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அங்கே அந்தப் பதிவின் நகலை எழுத்தில் கேட்பது முதல் வேலை.

சதுர அடிக்கு ரேட்டு பேசிச் செய்த பூச்சு வேலைக்கு இது எதுவும் பொருந்தாது. அதற்கு அளவுதான் கணக்கு. பேசியது சதுர அடியாக இருக்க, பாக்கி கேட்கும்போது மட்டும் நாளாக மாற்றினால் அந்த இடத்திலேயே வழக்கு வழுக்கும்.

நாள்கணக்கு என்பதற்காகக் கடிதம் நீள வேண்டியதில்லை. கணக்கு இணைப்பில் போகட்டும். கடிதம் இவ்வளவுதான்:

‘திரு. ______ அவர்களுக்கு, ஜூன் 2 முதல் ஜூலை 9 வரை உங்கள் ______ சைட்டில் கொத்தனாராக வேலை செய்தேன். பேசிய தினக்கூலி 1,000. இத்துடன் உள்ள நாள்கணக்குப்படி வேலை நாள் 31, கூலி 31,000. பெற்றது 16,000. பாக்கி 15,000. ஜூன் 20 கூடுதல் நேரத்துக்குத் தனியாக 500. ஆக 15,500-ஐ ஜூலை 31-க்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கணக்கில் மாறுபாடு இருந்தால் எந்தத் தேதி, எந்தத் தொகை என்று குறித்து எழுத்தில் தெரிவியுங்கள்.’

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ‘கணக்கு தப்பு’ என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க அது இடம் தராது. மொத்தக் கணக்குக் கடிதத்தில் அந்த வாக்கியத்தைப் போட்டாலும் பயனில்லை, மறுக்கத் தேதியே அங்கே இல்லை.

இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதை நகலோடு சேர்த்து வையுங்கள். நோட்டின் மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம், படம் எடுத்துக் கொடுத்தால் போதும்.

கடிதம் போன பிறகு 5,000 கொடுத்து வவுச்சரில் கையெழுத்துக் கேட்கக்கூடும். அதில் ‘முழுக் கணக்கும் தீர்ந்தது’ என்று அச்சடித்திருந்தால் அதை அடித்துவிட்டு, ‘பகுதித் தொகை 5,000 பெற்றேன், மீதி 10,500’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு ஒப்பாவிட்டால் பணத்தை வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். வந்த தேதியில் அட்டவணையில் இன்னொரு வரி ஏறும்.