யாழ்ப்பாணத்தில் மஸ்காரா வாங்குபவர்கள் பெட்டியைக் கடையிலேயே திறந்து பாருங்கள்

மச்சாளின் கலியாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது யாழ் நகரில் ஒரு அழகுசாதனக் கடையில் மஸ்காரா வாங்கினேன். 2850 ரூபாய். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் கேட்டது ரியூபிங் மஸ்காரா. சாதாரண மஸ்காரா ஓமப் புகையில் கண் கலங்கினாலே கன்னத்தில் கோடு இழுத்துவிடும். வோட்டர்புரூவ் கண்ணீருக்கு அசையாது, ஆனால் அதன் மெழுகு எண்ணெயில் கரையும். நம் வெக்கையில் முகத்தில் வடியும் எண்ணெயும் கண்ணுக்குக் கீழே பூசும் கிறீமும் அதற்குப் போதும். ரியூபிங் வேறு மாதிரி. அதிலுள்ள பொலிமர் ஒவ்வொரு இமைமயிரையும் மெல்லிய உறை போல மூடிக் காய்கிறது. கண்ணீரும் எண்ணெயும் அதைக் கரைக்காது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்து மெதுவாக அழுத்தினால் குட்டிக் குட்டி நூலாகக் கழன்று வந்துவிடும். (மத்தியான வெயிலில் கொதிக்கும் மேல்தாங்கித் தண்ணீரில் முகம் கழுவினாலும் கழரும், கவனம்.)

கடைப்பிள்ளை ஒரு பெட்டியை எடுத்துத் தந்து, "இது ரியூபிங் தான் அக்கா, வோட்டர்புரூவும் தான்" என்றாள். அந்த இடத்திலேயே நான் யோசித்திருக்க வேண்டும். பெட்டியின் ஒரு மூடி ஒட்டாமல் கிடந்தது. அதையும் பார்த்தும் பாராமல் விட்டேன்.

கலியாணத்தன்று விடிய மூடியைத் திருகினேன். புது ரியூப் என்றால் பிறஷ்ஷை இழுக்கும்போது உள்ளே ஒரு பிடிப்பு இருக்கும், மை ஈரமாக ஒரே சீராக வரும். இதுவோ சும்மா வழுக்கி வந்தது. ரியூபின் கழுத்தைச் சுற்றிக் கறுப்பாகக் காய்ந்த பொருக்கு. மை கட்டி கட்டியாக இருந்தது, லேசாக மண்ணெண்ணெய் மாதிரி மணந்தது. நேரம் போய்க்கொண்டிருந்ததால் பூசிவிட்டேன். அது என் பிழைதான்.

தாலி கட்டும்போது அழுதேன், ஒன்றும் ஆகவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் சின்னம்மா, "என்ன பிள்ளை, இரவு நித்திரை இல்லையோ?" என்று கேட்டபோதுதான் கண்ணாடி பார்த்தேன். இரண்டு கண்ணுக்கும் கீழே கறுப்பு வளையம். கண்ணீருக்கு நின்றது எண்ணெய்க்குக் கரைந்திருக்கிறது.

இரவு சோதித்தேன். இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த பஞ்சை அரை நிமிடம் கண்மேல் வைத்தேன், நூல் ஒன்றும் வரவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சை வைத்ததும் கறுப்புச் சேறாகக் கரைந்து வந்தது. அப்புறம் பெட்டியைப் படித்தால், சேர்மானப் பட்டியலில் முதலில் நிற்பது ஐசோடோடெக்கேன். அது காற்றில் ஆவியாகிப் போகும் கரைப்பான், வோட்டர்புரூவ் மஸ்காராக்களில் வழக்கமாக முன்னால் வருவது. நான் இதுவரை வாங்கிய ரியூபிங் வகைகளில் தண்ணீர்தான் முதலில் நிற்கும், பின்னால் அக்ரிலேட்ஸ் கோபொலிமர் வரும். அக்ரிலேட்ஸ் மற்ற வகைகளிலும் இருக்கலாம் என்பதால் பெயரை மட்டும் நம்பாமல் தண்ணீர்ச் சோதனையும் செய்யுங்கள்.

மூன்றாம் நாள் இடது இமை ஓரம் சிவந்து கண்கட்டி வந்தது. இந்த ரியூபால்தான் வந்தது என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் கண் டொக்டர் கேட்ட முதல் கேள்வியே, "மஸ்காரா திறந்து எவ்வளவு நாள்?" நான் மூன்று நாள் என்றேன். யாருடைய மூன்று நாள் என்று யாருக்குத் தெரியும்? அதை எறியச் சொன்னார், கண் ஆறும்வரை ஒன்றும் பூச வேண்டாம் என்றார்.

ஒவ்வொரு முறையும் பிறஷ் இமையில் பட்டு, அங்குள்ள கிருமியோடு ரியூபுக்குள் திரும்பிப் போகிறது. உள்ளே இருட்டு, ஈரம். அதனால்தான் திறந்த மஸ்காராவை ஏறக்குறைய 3 மாதத்தில் மாற்றச் சொல்கிறார்கள். பெட்டியில் திறந்த டப்பா படத்துக்குள் 6 மாதம் என்று போட்டிருந்தாலும் நான் 3 தான் வைத்துக்கொள்கிறேன். தண்ணீர் கலந்த சாதாரண வகையிலும் ரியூபிங்கிலும் கிருமி சுலபமாக வளரும். வோட்டர்புரூவில் அது குறைவு, ஆனால் அது கெதியாகக் காய்ந்துவிடும். பிறஷ்ஷை மேலும் கீழும் குத்தினால் உள்ளே காற்றுப் போய் இன்னும் காயும். காய்ந்ததற்குத் தண்ணீரோ எச்சிலோ விட்டு இளக்குபவர்களை எங்கள் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். கண் நோய் வந்தால் 3 மாதமும் பார்க்காதீர்கள், அன்றே குப்பை.

கடைக்குத் திரும்பக் கொண்டுபோனேன். முதலாளி ரியூபை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "திறந்த சாமானை நாங்கள் திருப்பி எடுக்கிறேல்லை, தங்கச்சி."

திறந்த சாமானை விற்பீர்களோ என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளுக்குப் பில் போடத் தொடங்கிவிட்டார்.

இப்போது வேறு இடத்தில் வாங்கிவிட்டேன். கடையிலேயே பெட்டியைப் பிரித்து, கழுத்தில் பொருக்கு இல்லை என்று பார்த்துத்தான் காசு கொடுத்தேன். திறந்த திகதியைப் பிளாஸ்டர் துண்டில் எழுதி ரியூபில் ஒட்டியிருக்கிறேன். நேற்றிரவு முகம் கழுவியபோது கைகழுவும் தொட்டியில் குட்டிக் குட்டிக் கறுப்பு நூல்கள் கிடந்தன. அம்மா எறும்பு என்று நினைத்து மஞ்சள் தூள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டா.