மேனேஜர் ‘நோட்டட்’னு மட்டும் போட்டா: சும்மா விடவா, திருப்பிக் கேக்கவா?

தக்கலைல சொந்தக்காரங்க கல்யாணம், வியாழன் வெள்ளி லீவு வேணும்னு நாகர்கோவில் ஆபீஸ்ல இருக்க ஒருத்தர் வாட்ஸாப் போட்டா, சார்கிட்ட இருந்து வாறது ‘நோட்டட்’. இது லீவு தந்ததா இல்லையா?

மொதல்ல நீங்க அனுப்பினதையே பாருங்க மக்கா. ‘லீவு எடுக்கலாமா சார்?’னு கேட்டு ‘ஓகே’ வந்தா அது சம்மதம்தான். ‘நான் வரமாட்டேன்’னு தகவலா சொல்லி ‘நோட்டட்’ வந்தா, பாத்துட்டாருங்கது மட்டும்தான் உறுதி.

மெனக்கேடு: சும்மா விட்டா ஒண்ணுமில்ல. கேட்டா ஒரு மெசேஜ்.

சம்பளம்: இங்கதான் சிக்கலே, நெறைய ஆபீஸ்ல சம்பளம் போடுறவங்க வாட்ஸாப்ப பாக்க மாட்டாங்க, லீவு போடுற போர்ட்டல்ல பெண்டிங்னு கிடந்தா மாசக் கடைசில ரெண்டு நாள் லாஸ் ஆஃப் பே ஆயிரும், அப்பறம் ‘நோட்டட்’ட காட்டினா மேனேஜர் ‘நான் அப்ரூவ் பண்ணலயே’ம்பாரு.

மேனேஜர் மூடு: ‘ஓகேவா சார்?’னு மொட்டையா கேட்டா எரிச்சல்படுவாரு, மறுபடியும் ‘ம்’னுதான் வரும். இப்படி போடுங்க: ‘நன்றி சார். வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் போர்ட்டல்ல போட்டிருக்கேன், அப்ரூவ் பண்ணிருங்க. என் வேலைய பக்கத்து சீட்ல ஒப்படைச்சிட்டேன்.’ தேதியும் இருக்கு, அவரு செய்ய வேண்டியதும் இருக்கு. சாயங்காலமும் பெண்டிங்னா ஒரு போன், அவ்வளவுதான்.

காலைல திடீர்னு காய்ச்சல்னா ‘நோட்டட்’ போதும், படுங்க, போர்ட்டல்ல அப்பறமா போட்டுக்கிடலாம். முன்கூட்டியே போடுற லீவு, ஒரு நாளுக்கு மேல, சம்பளம் பிடிக்கிற ஆபீஸ்னா திருப்பிக் கேட்டே ஆகணும்.