தெரியாத நம்பர் வந்தால்: பெயரா, மௌனமா, 'ஹலோ, சொல்லுங்க'வா?

பெங்களூரில் தெரியாத நம்பரை எடுக்காமலே இருக்க முடியாது. பார்சல் கொண்டு வருகிற பையன், கேப் டிரைவர், கேஸ்காரர், எல்லாரும் நமக்குத் தெரியாத நம்பரிலிருந்துதான் கூப்பிடுவார்கள். ஆகவே எடுத்ததும் என்ன சொல்வது என்பதுதான் கேள்வி.

அல்சூரில் இருக்கிற என் அம்மா லேண்ட்லைன் காலத்துப் பழக்கத்தில் எடுத்ததுமே பெயரைச் சொல்லிவிடுவார்: "ஹலோ, நான் சரோஜா பேசறேன்." மரியாதையான பழக்கம்தான், ஆனால் எதிரில் இருப்பவனிடம் நம்பர் மட்டும்தான் இருந்தது, பெயரை நாமே கொடுத்துவிடுகிறோம். போன மாதம் அப்படித்தான், அடுத்த நொடியே "சரோஜா மேடம், உங்க பேங்க்லேருந்து பேசறோம், கேஒய்சி முடியப் போகுது" என்று ஆரம்பித்தான். தன் பெயர் தெரிந்திருக்கிறதே, பேங்க்காகத்தான் இருக்கும் என்று அம்மா நம்பிவிட்டார்! ஓடிபி கேட்கும்போது நான் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தோம்.

இதற்கு நேர் எதிர், எடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருப்பது. மெஷின் வைத்து வரிசையாக டயல் செய்கிற விளம்பரக் கால்களில் இது வேலை செய்யும், ஏனென்றால் பல மெஷின்கள் நம் குரல் கேட்ட பிறகுதான் ஆளுக்கு இணைப்பைத் தரும் ("ஹலோ" சொன்னதும் ஒரு சின்ன இடைவெளி வருமே, அதற்குக் காரணம் இதுதான்). ஆனால் வாசலில் நிற்கிற டெலிவரி பையன் டவர் இல்லை என்று நினைத்துக் கட் செய்துவிடுவான். அவனுக்கும் இது மரியாதை இல்லை.

"யாரு?" என்று மட்டும் கேட்பது பாதுகாப்புதான், காதில் விழும்போது முரட்டுத்தனம்.

என் தேர்வு "ஹலோ, சொல்லுங்க." இந்த ஊரில் கன்னடத்தில் "ஹலோ, ஹேளி" என்றால் இன்னும் இயல்பு. பெயர் போகவில்லை, மரியாதையும் இருக்கிறது, பேச்சைத் தொடங்க வேண்டியது கூப்பிட்டவர் பொறுப்பு. உண்மையான ஆள் உடனே விஷயத்துக்கு வருவார்: "மேடம், பார்சல், கேட் திறங்க."

சிக்கல் அடுத்த வரியில் வரும். "சரோஜா மேடம்தானே?" என்பான். "ஆமா" என்ற சொல்லைப் பதிவு செய்தே பணம் எடுத்துவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள், நான் பயப்படுவது அதற்கில்லை. பெயரும் நம்பரும் ஒரே ஆளுடையது என்று நாமே உறுதி செய்துவிடுகிறோம், அதுதான் அவனுக்கு வேண்டும். "நீங்க எங்கேருந்து பேசறீங்க, என்ன விஷயம்?" என்று திருப்பிக் கேளுங்கள், ஆமா இல்லை எதுவும் வேண்டாம். பேங்க் என்றால் நம்பரைப் பாருங்கள்: பேங்க்குகளின் சேவை அழைப்புக்கு 1600 என்று தொடங்கும் நம்பர்களை ஒதுக்கியிருக்கிறார்கள். சாதாரண பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து கேஒய்சி என்றால் "சரி, நானே பேங்க்ல கேட்டுக்கறேன்" என்று வைத்துவிடுங்கள், கார்டின் பின்பக்கம் இருக்கிற நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

அம்மாவுக்கு நான் கற்றுக்கொடுத்தது இந்த இரண்டு வரிதான். முதல் வாரம் நாலு தடவை பழையபடி பெயரைச் சொன்னார், அப்புறம் "ஹேளி" வந்துவிட்டது.