நகலெடுத்த குறிப்பா, புதிதாக எழுதிய குறிப்பா?

செவிலிய மாணவர்களுக்கு நான் ஒரே நோயாளியின் இரண்டு மாலைக் குறிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். காலை 10 மணிக்கு அவருடைய சிறுநீர்க் குழாயை எடுத்தாகிவிட்டது.

முதல் குறிப்பு, காலை ஷிப்டிலிருந்து நகலெடுத்தது: “சிறுநீர்க் குழாய் உள்ளது, நன்றாக வடிகிறது.” இரண்டாவது, படுக்கையருகே போய்ப் பார்த்து எழுதியது: “மாலை 4:00. குழாய் எடுத்து 6 மணி நேரமாகியும் சிறுநீர் கழிக்கவில்லை. அடிவயிறு புடைத்துள்ளது. 4:05க்கு மருத்துவரிடம் தெரிவித்தேன்.”

நகலெடுப்பதில் நேரம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் முதல் குறிப்பைப் படிக்கும் அடுத்த செவிலியர் சிறுநீர் தேங்குவதைத் தேடவே மாட்டார். வழக்கு என்று வந்தால், குழாயை எடுத்த பதிவும் இந்த வரியும் ஒன்றையொன்று மறுக்கும். யார், எப்போது பதிந்தார் என்பதும் கணினித் தடத்தில் இருக்கும். அப்புறம் மற்ற வரிகளை யார் நம்புவார்?

தவறு தெரிந்தால் அழிக்கக் கூடாது. பழைய வரி அப்படியே தெரியும்படி, இப்போதைய நேரத்தோடு திருத்தக் குறிப்பு சேர்க்க வேண்டும். கவனித்த நேரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டு நேரங்களில்தான்.

மாறாத ஒவ்வாமைப் பட்டியலை, சரிபார்த்த பிறகு, பழைய குறிப்பிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அன்று கண்ணால் பார்க்க வேண்டியதை மட்டும் நகலெடுக்க நான் அனுமதிப்பதில்லை.