கிலோவுக்கு 50 காசா, வீட்டுக்கு 3 வெள்ளியா?

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் ஓர் அக்கா ஈப்போ மொத்தக் கடையிலிருந்து மூட்டையாகச் சாமான் எடுத்து வந்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். அலைச்சலுக்கு அவருக்கும் நாலு காசு வேண்டும், அதில் யாருக்கும் மறுப்பில்லை. அதை எப்படி எடுப்பது என்பதில்தான் பேச்சு. கிலோவுக்கு 50 காசு ஏற்றி விற்பது ஒரு வழி. வாங்கின விலைக்கே கொடுத்து, வீட்டுக்கு 3 வெள்ளி கூலி வாங்குவது இன்னொரு வழி. சொந்தப் பணத்தில் வாங்கி அடுக்கிக் கடனுக்குக் கொடுப்பவர்களும் உண்டு. அது 555 புத்தகத்தோடு நடக்கும் மளிகைக்கடை. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு சுற்றை எடுத்துக்கொள்வோம். விலை வாராவாரம் மாறும், இவை உதாரணத்துக்குத்தான். துவரம் பருப்பு 25 கிலோ மூட்டை 150 வெள்ளி, பெரிய வெங்காயம் 20 கிலோ 60 வெள்ளி, காய்ந்த மிளகாய் 5 கிலோ 70 வெள்ளி. மொத்தம் 50 கிலோ, 12 வீடுகள்.

கிலோவுக்கு 50 காசு என்றால் 25 வெள்ளி கையில் நிற்கும் என்று தோன்றும். நிற்காது. பெட்ரோலுக்கு 12, பிளாஸ்டிக் பைக்கு 4 போகும். அப்புறம் வெங்காயம். மூட்டையைத் தரையில் கொட்டினால் கழுத்து நெகிழ்ந்தது, தோலுக்கடியில் கரும்பூஞ்சை பிடித்தது, முளைவிட்டது என்று கொஞ்சம் தனியே போகும். உதிரும் சருகுக்கும் எடை உண்டு. ஒன்றரை கிலோ குறைந்தால் அதன் விலையும் அதில் வரவேண்டிய லாபமும் சேர்ந்து 5 வெள்ளி 25 காசு நட்டம். கடைசியில் மிஞ்சுவது 3 வெள்ளி 75 காசு. வலைப்பையில் ஈரக்கறை தெரிந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ அந்த மூட்டையை எடுக்கவே கூடாது. நல்ல மூட்டையிலும் கொஞ்சம் கழியத்தான் செய்யும்.

கூலி முறையில் 12 வீட்டுக்கு 36 வெள்ளி. செலவு 16 போக 20 வெள்ளி நிற்கும். கழிவும் அமைப்பாளர் தலையில் விழாது, ஏனென்றால் பொறுக்கியெடுத்த பிறகு மிஞ்சின 18.5 கிலோவுக்கு 60 வெள்ளியைப் பிரித்து, கிலோ 3 வெள்ளி 25 காசு என்று விலை சொல்லலாம். கடைச் சீட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடவும் கூச்சமிருக்காது. விலை ஏற்றி விற்பவர் சீட்டைக் காட்டினால், "அக்கா, பருப்பு 6 வெள்ளிதானே போட்டிருக்கு?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

ஆனால் கூலி முறையில் அடிபடுவது கொஞ்சமாக வாங்கும் வீடு. தனியாக இருக்கும் பாட்டி ஒரு கிலோ பருப்பும் ஒரு கிலோ வெங்காயமும் மட்டும் வாங்குகிறார். மளிகைக்கடையில் பருப்பு 7 வெள்ளி 50, வெங்காயம் 4 என்றால் 11 வெள்ளி 50 காசில் முடிந்துவிடும். இங்கே 9 வெள்ளி 25 காசுச் சாமானோடு 3 வெள்ளி கூலி சேர்ந்து 12 வெள்ளி 25 காசு. கடையைவிட அதிகம், அதோடு கடையில் கடனும் கிடைக்கும். அவர் ஏன் வரவேண்டும்? விலை ஏற்றும் முறையில் அதே சாமான் 10 வெள்ளிதான்.

அதனால் என் ஓட்டு கூலிக்குத்தான், ஆனால் இரண்டு படியாக: 20 வெள்ளிக்குள் வாங்கினால் 1 வெள்ளி, மேலே போனால் 4. கொஞ்சமாக வாங்கும் வீடு ஐந்து, அதிகமாக வாங்கும் வீடு ஏழு என்றால் 33 வெள்ளி வரும், செலவு போக 17. பாட்டிக்கு 10 வெள்ளி 25 காசு. மூன்று கிலோ பருப்பும் இரண்டு கிலோ வெங்காயமும் வாங்கும் வீட்டுக்குக் கூலியோடு 28 வெள்ளி 50 காசு; கடையில் 30 வெள்ளி 50 காசு ஆகியிருக்கும். மிச்சம் குறைவுதான், ஆனாலும் மிச்சம்.

எந்த முறையானாலும் சீனி, மாவு, சமையல் எண்ணெய், அரிசி பக்கம் போகாமலிருப்பது நல்லது. அவற்றை விற்க உரிமம் வேண்டும். கட்டுப்பாட்டு விலைச் சாமானில் மூட்டையாக வாங்கி மிச்சம் பிடிக்கவும் பெரிதாக இடமில்லை.

பணம் சம்பள வாரத்திலேயே, ஈப்போ போவதற்கு முன் கைக்கு வந்துவிட வேண்டும். வெங்காயத்துக்கு உத்தேசமாகக் கிலோ 3 வெள்ளி 50 காசு வாங்கி வைத்து, பொறுக்கின பிறகு வரும் வித்தியாசத்தை அந்தந்த வீட்டின் அடுத்த சுற்றுக் கணக்கில் கழிக்கலாம். பணம் போடாத வீட்டுக்குச் சாமான் எடுக்க வேண்டாம், சொந்தக்காரராக இருந்தாலும் சரி.