வாட்ஸ்ஆப்பா, பெரிய தளமா? சுங்குடிக் கடைக்கு முதல் படி எது

சங்கத் தலைவர் ஐயாவுக்கும் அண்ணாச்சிமார்களுக்கும் வணக்கம். ஆன்லைனில் விற்பது என்றதும் நம் ஆட்கள் நேராக அமேசான், ஃபிளிப்கார்ட் மாதிரி பெரிய தளத்தில் போய்ப் பதிந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது கேட்டால், முதலில் வாட்ஸ்ஆப் பிசினஸ், அப்புறம்தான் தளம் என்பேன்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 650 ரூபாய்க்கு வாங்கிய சுங்குடிச் சேலையை 900க்கு விற்கிறோம். தளத்தில் கமிஷன், அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்து 170 போகிறது என்று வையுங்கள். மிச்சம் 80. ஐந்து சேலை போய் ஒன்று திரும்பி வந்தால், அதன் கூரியர், மறுபடி மடித்து இஸ்திரி போடுவது என்று 120 கழியும். நான்கு சேலைக்கு 320 வந்து, கையில் நிற்பது 200. சேலைக்கு 50 ரூபாய்! வாட்ஸ்ஆப்பில் கூரியரை வாடிக்கையாளரே கொடுத்தால் கவருக்கு 20 போக 230 நிற்கும்.

அந்த ஒன்று ஏன் திரும்புகிறது? போட்டோவில் அரக்காகத் தெரிந்தது நேரில் செங்கல் நிறமாக இருக்கிறது. டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்த படம் அப்படித்தான் ஏமாற்றும். வாட்ஸ்ஆப்பில் அந்த அம்மா சந்தேகம் கேட்பார், நாம் வாசல் வெயிலில் சேலையை விரித்து வீடியோ அனுப்பிவிடலாம்.

இன்னொரு சங்கடம் கையால் முடிச்சுப் போட்ட சேலையில் வரும். ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. காலையில் கடையில் விற்ற சேலை தளத்தில் அப்படியே நிற்கும். மதியம் ஆர்டர் விழும். ரத்து செய்தால் நம் மதிப்பெண் இறங்கும். எனக்கு ஒரே வாரத்தில் மூன்று முறை இப்படி ஆனது.

ஆனால் வாட்ஸ்ஆப்புக்கும் குறை உண்டு. நம் எண் தெரிந்தவர்தான் வருவார். ஒரு சேலைக்கு அரை மணி நேரம் பேச்சும் போகும். புது முகம் வேண்டுமென்றால் தளம்தான். அதனால் இரண்டையும் வரிசையாகச் செய்யலாம். முதல் மூன்று மாதம் இருபது சேலையை மட்டும் வாட்ஸ்ஆப் கேட்டலாக்கில் போடுங்கள். பழைய பில் புத்தகத்தில் எண் கொடுத்தவர்களுக்கு, விருப்பம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பிறகு தளத்துக்குப் போகும்போது ஒரே டிசைனில் பத்துப் பதினைந்து இருப்பு உள்ள பிரிண்ட் சேலையை மட்டும் ஏற்றுங்கள். கைமுடிச்சு கடையிலும் வாட்ஸ்ஆப்பிலும் இருக்கட்டும்.

காம்போசிஷன் முறையில் ஜிஎஸ்டி கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2023 அக்டோபரிலிருந்து நாமும் தளத்தில் விற்கலாம், ஆனால் தமிழ்நாட்டுக்குள் மட்டும். வாட்ஸ்ஆப் என்றாலும் வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது. பெங்களூரிலிருந்து யாராவது கேட்டால், ஆடிட்டரிடம் சொல்லி வழக்கமான முறைக்கு மாறிய பிறகு பார்சலைக் கட்டுங்கள்.