கேமின் நடுவே ஹெட்செட் அறுந்தால்: நேரடி புளூடூத்தா, யூஎஸ்பி ரிசீவரா?

இரண்டு ஆண்டுகள் மடிக்கணினியோடு புளூடூத் ஹெட்செட்டை நேரடியாக இணைத்தே ஆடிவந்தேன். மூன்று மாதங்களுக்கு முன் அதை விட்டுவிட்டு, 2.4 கிகாஹெர்ட்ஸ் யூஎஸ்பி ரிசீவருடன் வரும் ஹெட்செட்டுக்கு மாறினேன். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும் என்பதும், ரிசீவருக்கு ஒரு யூஎஸ்பி துளை தேவை என்பதும் எல்லோரும் அறிந்தவை. என்னை மாற வைத்த காரணம் வேறு. ஆட்டத்தின் நடுவே ஹெட்செட் அறுந்தாலோ மீண்டும் இணைந்தாலோ கேம் என்ன ஆகிறது என்ற ஒரே கேள்வியைக் கொண்டுதான் இவ்விரண்டையும் ஒப்பிடுகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 11 இயங்கும் மடிக்கணினியில், நான்கு பேர் கொண்ட அணியாக இணையத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். பேசுவதற்குத் தனியாக ஒரு குரல் அரட்டைச் செயலி ஓடிக்கொண்டிருந்தது. மின்கலம் தீர்ந்து என் ஹெட்செட் அணைந்தது. அந்த நொடியிலேயே படம் அப்படியே நின்றுவிட்டது. சுட்டியை அசைத்தால் சுழலும் வட்டம் மட்டும் தெரிந்தது. ஆனால் நண்பர்களின் குரல் மடிக்கணினியின் ஸ்பீக்கரில் தெளிவாக ஒலித்தது: "ஏன்டா அங்கேயே நிக்கிற? நகரு!" விண்டோஸும் குரல் செயலியும் ஸ்பீக்கருக்கு ஒழுங்காக மாறிவிட்டன, சிக்கிக்கொண்டது கேம் மட்டும்தான் என்பது அந்தக் குரலிலிருந்தே புரிந்தது. டாஸ்க் மேனேஜரில் கேமை மூடித்தான் வெளியே வர முடிந்தது.

ஹெட்செட் அணைந்தால் ஒலி நிற்பது இயல்பு. படம் ஏன் நிற்க வேண்டும்? விண்டோஸில் நேரடியாக இணைந்த புளூடூத் ஹெட்செட்டே ஓர் ஒலிச் சாதனமாகப் பதிவாகிறது. கேம் அந்தச் சாதனத்தைத் திறந்து, பொதுவாக 10 மில்லி நொடிக்கு ஒரு முறை, அடுத்த துண்டு ஒலியை அதற்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். இணைப்பு அறுந்ததும் சாதனம் பட்டியலிலிருந்து விலகிவிடும். அதன்பின் கேம் அதைத் தொடும்போது `AUDCLNT_E_DEVICE_INVALIDATED` என்ற பிழை திரும்பி வரும். ஒழுங்காக எழுதப்பட்ட கேம் அந்தப் பிழையைப் பார்த்ததும் பழைய இணைப்பைக் கைவிட்டு, விண்டோஸ் அடுத்து ஒலியை அனுப்பத் தேர்ந்த புதிய இயல்புச் சாதனத்தை, நிரலுக்குள் இணையாக ஓடும் தனி இழையில் திறந்துகொள்ளும். அப்படி எழுதப்படாத கேமில் ஒலி இழை, இனி ஒருபோதும் வராத "அடுத்த துண்டைக் கொடு" என்ற சைகைக்காகக் காத்துக்கிடக்கும். படம் வரையும் முதன்மை இழை, ஒலி இழை முடித்துத் தரட்டும் என்று அதற்காகக் காத்துக்கிடக்கும். ஒன்றையொன்று எதிர்பார்த்து இரண்டும் நிற்பதைத்தான் நாம் உறைதல் என்கிறோம்.

உறைதலில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் பிரித்தறிவது பயன் தரும். ஒன்றிரண்டு நொடி நின்று தானாக மீண்டால், கேம் புதிய சாதனத்தை முதன்மை இழையிலேயே திறக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். புளூடூத் இணைப்பு முழுமையாக அமைய எடுக்கும் நேரமே அங்கே தடங்கலாகத் தெரிகிறது. ஆகவே அறுபடும்போது மட்டுமல்ல, ஹெட்செட்டை மீண்டும் இயக்கி அது இணையும்போதும் இது நிகழும். அரை நிமிடம் கடந்தும் மீளவில்லை என்றால் அது மேலே சொன்னபடி இரண்டு இழைகளும் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும் பூட்டு, காத்திருந்து பயனில்லை. கேமை வலிந்து மூடிய பிறகு ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியைத் திறந்தால், `Application Hang` என்ற பெயரில் 1002 என்ற எண்ணுடன் ஒரு பதிவு பெரும்பாலும் இருக்கும். அதன் நேரம் ஹெட்செட் அணைந்த நேரத்தோடு ஒத்துப்போனால் கிராஃபிக்ஸ் டிரைவரைச் சந்தேகித்து நாளை வீணாக்க வேண்டியதில்லை. நான் இதைப் பார்க்காமல் ஒரு வார இறுதி முழுவதும் டிரைவர்களை மாற்றிக்கொண்டிருந்தேன்.

நேரடி புளூடூத்திலேயே இருக்க விரும்புவோருக்குச் செய்யத்தக்கவை உண்டு. வழக்கமான புளூடூத் ஹெட்செட் இரண்டு முறைகளில் இயங்கும். இசைக்கான முறையில் இரு காதுக்கும் நல்ல ஒலி வரும், மைக் இராது. அழைப்புக்கான முறையில் மைக் கிடைக்கும், ஒலியோ தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். ஏதேனும் ஒரு செயலி ஹெட்செட்டின் மைக்கைத் திறந்தாலே விண்டோஸ் ஒரு முறையிலிருந்து மற்றதற்குத் தாவும். அதாவது ஹெட்செட் அறுபடாமலேயே, குரல் அரட்டையில் நுழைந்த காரணத்தால் மட்டும், கேமின் காலடியில் உள்ள ஒலி அமைப்பு மாறிவிடுகிறது. இதைத் தடுக்க விண்டோஸ் விசையுடன் R அழுத்தி `mmsys.cpl` என்று தட்டச்சு செய்து, `Recording` பகுதியில் ஹெட்செட்டின் மைக்கை வலது சொடுக்கி `Disable` செய்துவிடலாம். பேசுவதற்கு மடிக்கணினியின் மைக்கையோ தனி யூஎஸ்பி மைக்கையோ பயன்படுத்த வேண்டியிருக்கும். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு, அரட்டையில் நுழையும்போது எனக்கு நேர்ந்த தடங்கல்கள் நின்றன. புளூடூத்தின் புதிய எல்இ ஆடியோ முறையில் நல்ல ஒலியும் மைக்கும் ஒன்றாக இயங்க வழியுண்டு, ஆனால் ஹெட்செட், மடிக்கணினியின் புளூடூத் சிப், டிரைவர், விண்டோஸ் பதிப்பு ஆகிய நான்கும் அதற்கு இடம்தர வேண்டும்.

ஹெட்செட் ஒரே நேரத்தில் கைபேசியோடும் இணைந்திருந்தால், ஆடும்போது கைபேசியின் இணைப்பைத் துண்டித்துவிடுவது நல்லது. அழைப்பு வரும்போது ஹெட்செட் கைபேசியின் பக்கம் சாய்வதும் ஒலித் தடங்கலே. சில நிமிடம் ஒலியில்லாவிட்டால் தானாக அணையும் வசதி இருந்தால் அதையும் நிறுத்திவிடலாம். இவ்வளவு செய்தும் மின்கலம் தீர்வதையோ, தண்ணீர் குடிக்க எழுந்து சுவருக்கு அப்பால் போவதையோ தடுக்க முடியாது. சாதனம் மறையும் வாய்ப்பு குறைகிறதே தவிர, மறைந்தால் விளைவு அதேதான்.

ரிசீவரின் பக்கம் நான் சாய்வதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. அந்த அமைப்பில் விண்டோஸ் ஒலிச் சாதனமாக அறிவது ஹெட்செட்டை அன்று, மடிக்கணினியில் செருகியிருக்கும் ரிசீவரை. ரிசீவர் ஒரு சிறிய யூஎஸ்பி சவுண்ட் கார்டு. அதற்கும் ஹெட்செட்டுக்கும் இடையிலான ரேடியோ இணைப்பு அவற்றின் சொந்த விவகாரம். ஹெட்செட் அணைந்தாலும் ரிசீவர் கேமிடமிருந்து ஒலியை வாங்கிக்கொண்டே இருக்கும், கேட்க ஆளில்லை என்பது கேமுக்குத் தெரியாது. சாதனம் மறையவில்லை, எனவே இயல்புச் சாதனம் மாறவில்லை, எனவே கேம் எதையும் புதிதாகத் திறக்க வேண்டிய தேவையும் எழவில்லை. மைக்கும் அதே ரிசீவர் வழியாக வருவதால் முறை தாவும் தொல்லையும் இல்லை.

சொல்லிக் கேட்பதைவிடச் சோதித்துப் பார்ப்பது மேல். வாங்கிய அன்றே `mmsys.cpl` சாளரத்தின் `Playback` பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஹெட்செட்டை அதன் பொத்தானால் அணைத்தேன். இயல்புச் சாதனம் எது என்று காட்டும் பச்சை நிறக் குறி ரிசீவரை விட்டு அசையவே இல்லை. பழைய புளூடூத் ஹெட்செட்டை அதேபோல் அணைத்தபோது அதன் வரி உடனே `Disconnected` என்று மங்கியது, பச்சைக் குறி ஸ்பீக்கருக்குத் தாவியது. பிறகு என்னைக் கைவிட்ட அதே கேமைச் சாளர முறையில் ஓடவிட்டு, ஒவ்வொன்றையும் பத்து முறை அணைத்து இயக்கினேன். புளூடூத்தில் மூன்று முறை கேம் மீளாமல் நின்றது, மற்ற நேரங்களிலும் ஒரு நொடித் தடங்கல் தெரிந்தது. ரிசீவரில் பத்து முறையும் படம் ஓடிக்கொண்டேயிருந்தது. ஒரு கேம், ஒரு மடிக்கணினி, இரண்டு ஹெட்செட் என்ற அளவில்தான் இந்தச் சோதனைக்கு மதிப்பு.

இந்தச் சோதனையைக் கடையிலோ, திருப்பித் தரும் காலத்துக்குள்ளோ செய்துவிட வேண்டும் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சில ரிசீவர்கள் ஹெட்செட் அணைந்ததை விண்டோஸுக்குத் தெரிவித்துவிடுகின்றன. அப்போது பச்சைக் குறி தாவும், அப்படிப்பட்டதை வாங்கினால் இந்த விஷயத்தில் புளூடூத்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இராது. ஹெட்செட் கழற்றப்பட்டதும் ஒலி தானாக ஸ்பீக்கருக்கு மாற வேண்டும் என்று விரும்புவோருக்கு அது வசதியாகவும் இருக்கலாம். உறைதலுக்கு அஞ்சுவோர் தவிர்க்க வேண்டும்.

ரிசீவரை எந்தத் துளையில் செருகுகிறோம் என்பதும் முக்கியம். யூஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும் என்பதை இன்டெல் நிறுவனம் 2012இல் ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. என் மடிக்கணினியில் வெளிப்புற வன்தட்டுக்குப் பக்கத்துத் துளையில் ரிசீவரைச் செருகியபோது ஒலி அடிக்கடி வெட்டுப்பட்டது. சிறிய நீட்டிப்புக் கேபிளில் செருகி மேசையின் விளிம்புக்குக் கொண்டுவந்ததும் சரியாயிற்று. ரிசீவர் கை பட்டுக் கழன்றால், அல்லது ஆட்டம் காணும் யூஎஸ்பி ஹப்பில் செருகியிருந்தால், சாதனம் உண்மையிலேயே மறையும், கேமும் பழையபடி நிற்கும். எனவே ஹப்பைத் தவிர்த்து நேராக மடிக்கணினியில் செருகுவதே சரி. ரிசீவரோடு புளூடூத்தும் உள்ள ஹெட்செட் என்றால், புளூடூத் பக்கத்தைக் கைபேசிக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அதே மடிக்கணினியோடு அதையும் இணைத்துவைத்தால், ஹெட்செட் ஒரு நாள் அந்த வழியாக இணைந்துகொண்டு பச்சைக் குறியைத் தன் பக்கம் இழுத்துவிடும்.

ரிசீவரின் பெருங்குறை, அது தொலைந்தால் ஹெட்செட்டின் பயனில் பெரும்பகுதி போய்விடுவது. மாற்று ரிசீவர் தனியாகக் கிடைக்குமா என்று வாங்குமுன் விசாரிப்பது நல்லது, நான் விசாரிக்கவில்லை. பயணத்தில் ரிசீவரைத் துளையிலேயே விட்டு மடிக்கணினியைப் பையில் திணிப்பதும் ஆபத்து.

இருக்கும் புளூடூத் ஹெட்செட்டை மாற்ற மனமில்லாதவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. யூஎஸ்பியில் செருகும் புளூடூத் ஒலி டிரான்ஸ்மிட்டர் மடிக்கணினிக்குத் தன்னைச் சவுண்ட் கார்டாகவே காட்டிக்கொண்டு, ஹெட்செட்டோடு புளூடூத் பேச்சைத் தானே நடத்தும். சாதாரண புளூடூத் அடாப்டரோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. நண்பரிடமிருந்து வாங்கி ஒரு வாரம் பயன்படுத்தியதில், ஹெட்செட் அணைந்தபோது பச்சைக் குறி அசையவில்லை, கேமும் நிற்கவில்லை. மைக்கை அதன் வழியே நான் பயன்படுத்திப் பார்க்காததால் அரட்டையோடு ஆடுவோருக்கு இதை உறுதியாகப் பரிந்துரைக்க மாட்டேன். தனியாக ஆடுவோருக்குப் புது ஹெட்செட் வாங்குவதற்கு முன் முயலத்தக்கது இதுவே.